வீடியோ எத்தனை நிமிடம் இருக்கலாம்? சதவீதத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் அனலிட்டிக்ஸைத் திறந்ததும் முதலில் பார்ப்பது, பார்வையாளர்கள் வீடியோவில் எத்தனை சதவீதம் பார்த்தார்கள் என்பதைத்தான். 3 நிமிட வீடியோ 62%, 20 நிமிட வீடியோ 24% என்று இருந்தால், "சரி, இனி எல்லாமே 3 நிமிடம்தான்" என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அங்கேதான் சிக்கல். நீளம் கூடினால் சதவீதம் குறைவது இயல்பு. 20 நிமிடத்தில் 24% என்றால் கிட்டத்தட்ட 5 நிமிடம். 3 நிமிட வீடியோவை ஒருவர் முழுதாகப் பார்த்தாலும் அவ்வளவு நேரம் வராது.

முதலில் தரவை எடுப்போம். யூடியூப் ஸ்டூடியோவில் `Analytics` பகுதிக்குப் போய் `Advanced mode` திறந்துகொள்ளுங்கள். காலவரம்பாக `Lifetime` வையுங்கள். அட்டவணையில் `Average view duration`, `Average percentage viewed` இரண்டும் இல்லையென்றால் கூட்டல் குறியை அழுத்திச் சேர்த்து, ஷீட்டாக ஏற்றுமதி செய்யுங்கள். ஷார்ட்ஸை நீக்கிவிடுங்கள். அவை திரும்பத் திரும்ப ஓடுவதால் சதவீதம் 100-ஐயே தாண்டும், கணக்கைக் குழப்பும். போன வாரம் போட்ட வீடியோக்களும் விரல்விட்டு எண்ணும் பார்வைகள் உள்ளவையும் இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்து, நீளத்தை வைத்துக் குழு பிரிக்க வேண்டும். B நெடுவரிசையில் வீடியோவின் நீளம் விநாடிகளில் இருந்தால், இந்தச் சூத்திரம் போதும்:

```
=IF(B2<300,"குறு",IF(B2<720,"நடு","நீள்"))
```

5 நிமிடத்துக்குக் கீழே, 12 நிமிடத்துக்குக் கீழே, அதற்கு மேலே என்று மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் சராசரிக்குப் பதில் `MEDIAN` எடுங்கள். எப்படியோ வைரலான ஒரே ஒரு வீடியோ சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும். இடைநிலை மதிப்பு அதற்கு அவ்வளவு எளிதில் அசையாது.

எக்செல் பாடம் நடத்தும் சேனல் ஒன்றுக்கு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். 3 நிமிடப் பாடங்கள் 62%, அதாவது 1:52. 8 நிமிடப் பாடங்கள் 48%, அதாவது 3:50. 20 நிமிடப் பாடங்கள் 24%, அதாவது 4:48. மூன்றிலிருந்து எட்டுக்குப் போனபோது 5 நிமிடம் கூடுதலாகப் பேசியதற்கு, பார்க்கப்பட்ட நேரம் சுமார் 2 நிமிடம் கூடியது. எட்டிலிருந்து இருபதுக்குப் போனபோது 12 நிமிடம் கூடுதலாக உழைத்தும் கிடைத்தது 58 விநாடி. இந்தச் சேனலுக்கு 8 நிமிடம் பக்கம்தான் தராசு சாய்கிறது.

ஆனால் இதோடு நிறுத்திவிடக் கூடாது. நீளம்தான் காரணமா என்று இன்னும் நமக்குத் தெரியாது. இதற்குச் சதவீதத்தை விட்டுவிட்டு, எல்லா வீடியோவையும் ஒரே நிமிடத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வேலையில் மிக உருப்படியான பகுதி இதுதான், பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஒவ்வொரு வீடியோவின் தக்கவைப்பு வரைபடத்தையும் திறந்து, 3-ஆம் நிமிடத்தில் கர்சரை வைத்து, அங்கே எத்தனை சதவீதம் பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று ஷீட்டில் குறியுங்கள். 3 நிமிடப் பாடங்கள் அங்கே முடிந்துவிடுவதால் அவை இந்த ஒப்பீட்டில் இல்லை.

நம் எக்செல் சேனலில் 8 நிமிடப் பாடங்களில் அந்த இடத்தில் 52% பேர் இருக்கிறார்கள். 20 நிமிடப் பாடங்களில் 31% பேர்தான். இரண்டிலும் ஓடியிருப்பது அதே 3 நிமிடம்தானே? அப்படியானால் பின்னால் வரும் 17 நிமிடத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. தொடக்கத்திலேயே ஆட்கள் போய்விடுகிறார்கள். நீளமான வீடியோ என்றதும் நிதானமாக முன்னுரை பேசும் பழக்கம் பலருக்கு உண்டு. இன்னொன்றும் பாருங்கள்: அதே 20 நிமிடப் பாடங்களில் 8-ஆம் நிமிடத்தில் 22% பேர் இருக்கிறார்கள். 3-ஆம் நிமிடத்தைத் தாண்டிய 31 பேரில் 22 பேர் அடுத்த 5 நிமிடமும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நீளத்தைப் பார்த்தே சிலர் வெளியேறுவார்கள் என்பதும் உண்மை. தேடி வருபவர்கள் விடை கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள் என்பதால், ஒரு குழுவுக்குத் தேடலிலும் இன்னொன்றுக்குப் பரிந்துரையிலும் ஆள் வந்திருந்தால் ஒப்பீடு கோணும். `Traffic source` பார்த்து, ஒரே வழியாக வந்தவர்களை மட்டும் எடுத்து மீண்டும் ஒருமுறை கணக்கிடுங்கள்.

அப்புறம் சோதனை. அடுத்த சில நீண்ட பாடங்களில் முன்னுரையை வெட்டிவிட்டு, முதல் நிமிடத்துக்குள் எக்செல் திரையைத் திறந்துவிடுங்கள். நீளத்தை 20 நிமிடமாகவே வையுங்கள். 3-ஆம் நிமிட எண் 50-க்குப் பக்கத்தில் ஏறி, சராசரிப் பார்வை நேரமும் 6, 7 நிமிடம் என்று போனால், 20 நிமிடம் அந்தச் சேனலுக்குத் தாங்கும். 3-ஆம் நிமிட எண் ஏறியும் பார்வை நேரம் 5 நிமிடத்தைத் தாண்டவில்லையென்றால், 8 நிமிடத்துக்குத் திரும்பிவிடலாம்.