தோட்டத்துக்குப் போகும் நூலக வானுக்குப் பெயர் வைப்பது எப்படி?

லயத்துப் பக்கம் வருகிற எந்த வண்டிக்கும் சனங்களே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். கொழுந்து லொறி, பாண் ஓட்டோ, லோன்காரர் வான் என்று அது நிலைத்துவிடும். நாம் பலகையில் என்ன எழுதினாலும் வாயில் நிற்பது அந்தப் பெயர்தான். அதனால் அவர்கள் வாய்க்கு எது வரும் என்று முன்கூட்டியே தேடிப் பிடிப்பதுதான் நமது வேலை. இலங்கை மலையகத்தில் லிந்துலை, அக்கரப்பத்தனைப் பக்கம் போகும் ஒரு நூலக வானை வைத்து இதைச் சொல்கிறேன்.

முதலில் காது கொடுங்கள். பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்துக்கும், மாலையில் பீலியடிக்கும், பிள்ளைக்காம்பராவுக்கும் போங்கள். "புத்தகம் கொண்டு ஒரு வண்டி வந்தால் என்னம்மா கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். கூடவே, எந்த வண்டி வந்தால் கதவைச் சாத்துவார்கள் என்றும் கேளுங்கள். வாரக்கடன் வசூலுக்கு வருகிறவர்களைக் கண்டு ஒதுங்குகிற வீடுகள் உண்டு. பெயர் தெரியாத வெள்ளை வான் என்றால் இந்த நாட்டில் ஆள் கடத்தலின் நினைவு வரும். ஆகவே வெள்ளை நிறம் வேண்டாம். பெயர் எழுதி முடிக்காமல் தோட்டத்துக்குள் ஓட்டவும் வேண்டாம்.

அடுத்தது கழிப்பது. கிடைத்த பெயர்களையும் படங்களையும் வரிசையாக எழுதி, வேறொருவருடையதாகத் தோன்றக்கூடியவற்றை வெட்டுங்கள். பிள்ளைகளுக்காக வரைகிறோம் என்று சேவலையோ யானையையோ போட்டால், அவை கட்சிச் சின்னங்கள் என்பதால் அது இ.தொ.கா.வின் வண்டி, ஐ.தே.க.வின் வண்டி என்று ஆகிவிடும். மொட்டும் அப்படித்தான். "ஜீவ ஒளி" போன்ற பெயரைக் கேட்டால் சபை ஊழியம் என்று நினைப்பார்கள். சாமி பெயர் வைத்தால், அதே லயத்தில் இருக்கிற வேதக்காரக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் தள்ளி நிற்கலாம். நன்கொடை தந்தவரின் பெயரைக் கதவின் ஓரத்தில் சின்னதாக எழுதினால் போதும்.

நமது பட்டியலில் மூன்று மிஞ்சின என்று வைத்துக்கொள்வோம்: "அறிவொளி நடமாடும் நூலகம்", "புத்தக வான்", "கதைவண்டி".

இனி கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளையை ரோட்டில் நிறுத்தி, மேல் லயத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு பெயரையும் கத்தச் சொல்லுங்கள். மேலே நிற்கிறவர் என்ன கேட்டது என்று திருப்பிச் சொல்ல வேண்டும். காற்றும் மழையும் உள்ள நாளில் செய்தால்தான் உண்மை தெரியும். "அறிவொளி நடமாடும் நூலகம்" பாதி வழியிலேயே கரைந்துவிடும். "புத்தக வான்" பரவாயில்லை. ஆனால் வேகமாகச் சொன்னால் "வான்" மட்டும்தான் மேலே போய்ச் சேரும், அது எந்த வானாகவும் இருக்கலாம். "கதைவண்டீ" என்று கடைசி எழுத்தை இழுக்க முடிகிறது. அதுதான் அதன் பலம்.

எழுதும்போது ஒரு கணக்கு உண்டு. 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோரின் பொதுவான அளவு. 100 அடியில் தெரிய 10 அங்குல எழுத்து வேண்டும். "கதைவண்டி" ஐந்தே எழுத்து. இடைவெளி விட்டாலும் ஆறு அடிக்குள் வான் பக்கவாட்டில் அடங்கும். நீளப் பெயரை அதே அகலத்தில் திணித்தால் எழுத்து சிறுத்து, பனிமூட்டத்தில் ஒன்றுமே தெரியாது. மஞ்சளில் கறுப்பு எழுத்து நல்லது. அதே ஒலியைச் சிங்கள எழுத்திலும் எழுதுங்கள். சிங்களத்தில் வேறு பெயர் வைத்தால் கீழே உள்ள கிராமத்துக்கு இது இன்னொரு வண்டியாகிவிடும். துரையிடம் தோட்ட ரோட்டுக்கு அனுமதி கேட்கும் கடிதத்திலும் இதே பெயர்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் பாட்டு. பீத்தோவனின் "எலிசாவுக்காக" மெட்டு இங்கே பாண் ஓட்டோவுக்குச் சொந்தமாகிவிட்டது. அதைப் போட்டால் காசோடு பாண் வாங்க ஓடி வருவார்கள். தப்பு மேளச் சத்தமும் வேண்டாம், அது சாவுக்கும் திருவிழாவுக்கும் உரியது. வேறு ஒரு மெட்டைத் தேர்ந்து, அதை மாற்றாமல் வையுங்கள்.

நூலகத்துக்குப் பதிலாக மருத்துவ முகாம் வண்டி என்றால் ஒன்று மட்டும் கூடுதல் கவனம்: நோயின் பெயரை வண்டியில் எழுதாதீர்கள். லயத்தில் சுவரோடு சுவராக வீடுகள். யார் எந்த வண்டியில் ஏறினார் என்பது எல்லோர் கண்ணிலும் படும். "காசநோய்", "குடும்பக் கட்டுப்பாடு" என்ற பலகைக்கு முன்னால் வரிசையில் நிற்க எந்தப் பெண்ணும் தயங்குவாள். "சுகவண்டி" என்று வைத்து, சளி, பிரஷர், கண் எல்லாம் பார்ப்போம் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

பெயர் ஒட்டியதா என்று பிள்ளைகளின் பேச்சில் தெரியும். சில முறை போன பிறகும் "அந்த வான்" என்றே சொன்னால் ஒட்டவில்லை. வேறொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பெயின்ட் வாங்கி அதையே எழுதிவிடுங்கள்.