கையெழுத்து கடைசியில்தான்: வார்டில் மருந்துச் சுற்றை முடிக்கும் முறை

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நேரம் மிச்சமாகும் என்று காலை 8 மணி மருந்துகள் எல்லாவற்றையும் மருந்தறையிலேயே கிண்ணங்களில் எடுத்துவைத்து, அங்கேயே கையெழுத்தும் போட்டுவிட்டேன். படுக்கைக்குப் போனால் ஒருவர் ஸ்கேனுக்குப் போயிருந்தார். மாத்திரை என் கையில், கொடுத்ததற்கான சாட்சி தாளில்! அன்றிலிருந்து நான் பின்பற்றும் வரிசை இது.

1. நாம் எழுதிக்கொள்ளும் பணிப்பட்டியல் யாரிடம் எப்போது போக வேண்டும் என்பதற்கு மட்டும். மருந்தை எடுப்பது மருத்துவர் எழுதிய மருந்து அட்டவணையைப் பார்த்துத்தான். பட்டியல் எழுதிய பிறகு அளவு மாறியிருக்கலாம்.

2. "உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பெயரை நாமே சொல்லி "நீங்கள்தானே?" என்றால், அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். சொன்ன பெயரையும் பதிவு எண்ணையும் கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள். படுக்கை எண்ணை நம்ப வேண்டாம். நோயாளிகள் இடம் மாறுவார்கள்.

3. கொடுக்கும் முன் எதையாவது அளக்க வேண்டுமா என்று பாருங்கள். நான் தடுக்கியது இங்கேதான்.

அட்டவணையில் டிகாக்சின் 0.25 மி.கி. என்று இருக்கிறது. இது இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து. 15 விநாடி எண்ணினேன், 16 துடிப்பு. நான்கால் பெருக்கினால் 64. சரி என்று கையை எடுக்கப்போனபோது மூத்த செவிலியர், "முழு நிமிடம் எண்ணு" என்றார். மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணியபோது வந்தது 54. துடிப்பு சீரில்லாதவரிடம் கால் நிமிடக் கணக்கு ஏமாற்றும். பலவீனமான துடிப்புகள் மணிக்கட்டுக்கு வந்து சேராமலும் போகும். எண்ணுவதற்கு, விநாடி முள் உள்ள சாதாரணக் கடிகாரமே எனக்குப் பிடித்தது.

பெரியவர்களுக்கு 60-க்குக் கீழ் என்றால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்வது வழக்கம். அவர் வேறு எல்லை எழுதியிருந்தால் அதுவே கணக்கு. குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் நிறம் உண்டா என்றும் கேளுங்கள். டிகாக்சின் உடலில் மிகுந்துவிட்டதற்கான அடையாளங்கள் அவை. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆபத்து கூடும் என்பதால் அந்த அறிக்கையையும் எடுத்துவையுங்கள்.

4. மருந்தை விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு, அங்கேயே நின்று கையெழுத்திடுங்கள். கொடுக்கவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். அடுத்த ஷிப்டில் வருபவர் மறந்துபோனதாக நினைத்து மருந்தைக் கொடுத்துவிடக்கூடும். "கொடுக்கவில்லை, துடிப்பு 54, மருத்துவரிடம் 8.10-க்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

பின்சேர்க்கை: "வைத்துவிட்டுப் போங்கள், பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று நோயாளி சொன்னால்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வைக்காதீர்கள், கையெழுத்தும் வேண்டாம். இதற்காகவே நான் மாத்திரையை உறையிலிருந்து படுக்கையருகில்தான் பிரிக்கிறேன். பிரிக்காத மாத்திரை அவருடைய மருந்துப் பெட்டிக்கே திரும்பிவிடும். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒரு வட்டம் போட்டுவிட்டு, சுற்றின் முடிவில் மீண்டும் போவேன்.