பி மதிப்பு 0.02 என்றால் என்ன? சிக்கரி காபியை வைத்து ஒரு கணக்கு

மயிலாப்பூரில் எங்கள் மாமா, காபியில் சிக்கரி கலந்திருக்கிறதா இல்லையா என்று ஒரு வாயிலேயே சொல்லிவிடுவேன் என்பார். அதைச் சோதிக்கலாம். 20 டம்ளர். ஒவ்வொன்றிலும் எந்த டிகாக்‌ஷன் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்கிறோம். அவருக்கு எது என்று தெரியாது. 15 சரியாகச் சொன்னார் என்று வையுங்கள்.

எக்செலிலும் போடலாம், ஆனால் மாணவர்களுக்கு நான் R என்ற புள்ளியியல் மென்பொருளைத்தான் சொல்வேன். என்ன கேட்டோம் என்பது ஒரே வரியில் கண்ணுக்குத் தெரியும்.

```r
binom.test(15, 20, p = 0.5, alternative = "greater")
```

விடையில் `p-value = 0.02069` என்று வரும். இதற்குப் பொருள்: மாமா வெறுமனே ஊகித்திருந்தால், 15 அல்லது அதற்கு மேல் சரியாக வர 2% வாய்ப்பு. அந்த `p = 0.5` தான் ஊகம். பாடப்புத்தகம் சொல்லும் இன்மைக் கருதுகோள் அதுதான்.

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். "அப்போ மாமா ஊகித்திருக்க 2% தான் வாய்ப்பு" என்று திருப்பிப் படித்துவிடுகிறார்கள். அது வேறு கேள்வி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் 100 பேர். அதில் 10 பேருக்குத்தான் நிஜமாகவே நாக்கு தேர்ந்தது, நான்கில் மூன்று முறை சரியாகச் சொல்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 90 பேர் ஊகிப்பவர்கள். அவர்களில் 2% பேர், அதாவது சுமார் 2 பேர், 15-ஐத் தொடுவார்கள். தேர்ந்தவர்களில் எத்தனை பேர்?

```r
1 - pbinom(14, 20, 0.75)
```

0.617. பத்தில் 6 பேர். ஆக, 15-ஐத் தொட்ட 8 பேரில் 2 பேர் ஊகித்தவர்கள். அது 25%, 2% அல்ல. தேர்ந்தவர்கள் 10 பேருக்குப் பதில் 50 பேர் என்றால் இந்த 25% சுமார் 3% ஆகக் குறையும். பி மதிப்போ அதே 0.02. இந்த 10, 50 எல்லாம் R-க்குத் தெரியாது, நாம் சொல்லவும் இல்லை. பிறகு அது எப்படி மாமா ஊகித்தாரா என்று சொல்லும்? அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையும் இந்தத் தவறான வாசிப்பைத்தான் எச்சரிக்கிறது.

அதே கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். தேர்ந்த பத்தில் 4 பேர் 15-ஐத் தொடவே இல்லை. அவர்களுடைய பி மதிப்பு, வழக்கமாக எல்லையாக வைக்கும் 0.05-க்கு மேலே போய்விடும். உடனே "திறமை இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று ப்ராஜெக்டில் எழுதாதீர்கள். 20 டம்ளர் போதவில்லை, அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: தங்களுக்கு 0.04139 வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். `alternative` கொடுக்காவிட்டால் R இருபக்கமும் எண்ணும். 5 அல்லது அதற்குக் கீழே சரியாகச் சொல்வதும் அதில் சேர்ந்துவிடும். ஒரு பக்கமா, இரு பக்கமா என்பதை முதல் டம்ளர் ஊற்றும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். விடையைப் பார்த்த பிறகு மாற்றினால் அந்த 0.02 செல்லாது.