நண்பரின் பதிவை யாரோ கிண்டல் செய்தால் என்ன எழுதுவது?

ஏற்காட்டில் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர், களத்தில் தார்ப்பாய் விரித்துக் காபிப் பழம் காயவைத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் கீழே எழுதினார்: "ஆட்டுப் புழுக்கையைக் காயவெச்சு காபின்னு விக்கிறாங்க. காபின்னா கூர்க்தான்!" கூடவே நாலு சிரிப்புப் பொம்மை. இதை வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் நண்பரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பதிவு அவருடையது. "விடுப்பா, நான் மறைச்சுடறேன்" என்றால் அதோடு சரி. மறைத்த கருத்து எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். அவரும் கிளம்பி வர மாட்டார்.

2. பதிலைக் கருத்துப் பெட்டியில் அடிக்காதீர்கள். நோட்ஸ் செயலியில் எழுதுங்கள், விரல் தவறினாலும் போய்ச் சேராது.

3. கிண்டலில் பதில் சொல்லத்தக்க விஷயம் எது என்று பிரியுங்கள். இங்கே அது ஒன்றுதான்: பழம் ஏன் கறுப்பாக இருக்கிறது. கூர்க்கைத் தொடாதீர்கள். ஏற்காடா கூர்க்கா என்று இறங்கினால் விடிய விடிய ஓடும்.

4. இனி எழுதலாம். பலர் வழுக்குவது இங்கேதான். விஷயம் சரியாக இருக்கும், விளிப்பு கெடுத்துவிடும். தெரியாத ஆளை "தம்பி" என்றால் மட்டம் தட்டுவதாகப் படும், "அண்ணே" என்றால் நக்கல், "சார்" என்றால் குத்தல். எனவே விளிப்பே வேண்டாம். நம்ம சேலத்துப் பக்கத்து "ங்க" ஒன்று போதும், மரியாதை அதிலேயே வந்துவிடும். கேள்விக்குறியும் வேண்டாம். "காபித் தோட்டம் பார்த்திருக்கீங்களா?" என்றால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நான் போட்டது இது:

"பழத்தைத் தோலோட காயவெச்சா இப்படித்தான் கறுத்துடும்ங்க. ரெண்டு மூணு வாரம் நல்லா காஞ்சதும் தோலை நீக்குவாங்க, உள்ளே கொட்டை இருக்கும். படத்துல பார்க்க அப்படித் தெரியறது வாஸ்தவம்தான்."

கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். புழுக்கை மாதிரி தெரிகிறது என்பது உண்மைதானே. அதை ஒத்துக்கொண்டால் அவருக்கு இறங்கிப் போக ஒரு படி கிடைக்கும்.

5. போட்டவுடன் அந்தப் பதிவுக்கான அறிவிப்பை அணைத்துவிடுங்கள். அவர் மறுபடி சீண்டினால் பதில் வேண்டாம். உண்மையிலேயே சந்தேகம் கேட்டால் மட்டும் இன்னொரு பதில்.

பின்சேர்க்கை: ஒரு வாசகர், "நாம் பொறுமையாக எழுதிய பிறகு நண்பரின் மச்சான் வந்து திட்டினால்?" என்று கேட்டிருந்தார். அடிக்கடி நடப்பதுதான். அங்கேயே அவரை அடக்காதீர்கள், எதிராளிக்குக் கொண்டாட்டமாகிவிடும். போனில் சொல்லி, எழுதியதை அவரையே நீக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: சாதி, வீட்டுப் பெண்கள், மிரட்டல் என்று போனால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பதிலே எழுதாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் புகார். கருத்து நீக்கப்பட்டுவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.