ஒரு நாள் குறைந்து போன ஐந்து வருடம்

போன மாதம் ஒரு தோட்டத்து ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தான் செய்த எக்செல் ஷீட்டைக் காட்டி, "ஐயா, ஒருக்கா பாருங்க, சர்வீஸ் கணக்கு சரியா?" என்று கேட்டார். பார்த்தேன். நான் கிளாக்கராகச் சேர்ந்த காலத்தில் பண்ணிய அதே பிழை, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. கை எழுத்துப் பேரேடு போய்க் கணினி வந்தும் அந்தப் பிழை மட்டும் ஓய்வு பெறவில்லை.

பெயர் மாறி எழுதுவது, வருடத்தை 2019க்குப் பதில் 2091 என்று தட்டுவது எல்லாம் யாருக்கும் தெரிகிற பிழை. அவற்றை விடுகிறேன். கணக்கு சரி போலவே தெரிந்து கொண்டு ஆளின் காசை விழுங்குகிற பிழைகளைத்தான் இங்கே சொல்கிறேன். பெரும்பாலும் ஒரே ஆளின் கதையாகவே கொண்டு போகிறேன். உண்மையான ஆள் இல்லை, திகதிகள் மட்டும் யோசித்து வைத்தவை.

அந்தப் பெண் கொழுந்து பறிப்பவர், நாட்சம்பளக்காரர். செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பேரேட்டில், பெயர் பதிந்தது 2019 மார்ச் 1. வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்தார். கடைசியாக வேலை செய்த நாள் 2024 பெப்ரவரி 29.

கடைசி நாளை எண்ணாமல் விடுவது

பணிக்கொடை, அதாவது நம்ம ஆட்கள் சொல்கிற சர்வீஸ் காசு, இலங்கையின் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி வருகிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில், ஐந்து வருடம் பூர்த்தியான ஆளுக்குத்தான் அது கிடைக்கும். நாட்சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு அரை மாதச் சம்பளம். நாலு வருடமும் பதினொரு மாதமும் முப்பது நாளும் என்றால் ஒரு சதமும் இல்லை. அதனால் இந்தக் கணக்கில் ஒரு நாள் என்பது ஒரு நாள் இல்லை.

இப்போது நம்ம பெண்ணின் திகதிகளை அந்தத் தம்பியின் ஷீட்டில் போடுவோம். B2இல் சேர்ந்த நாள், C2இல் கடைசி வேலை நாள்.

```
=DATEDIF(B2, C2, "Y")
```

விடை 4. காசு இல்லை.

இந்த நாலு எனக்குப் பழக்கமான நாலு. பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில், மார்ச் முதலாம் திகதி பெயர் பதிந்து, பெப்ரவரி கடைசியில் விலகிய ஒரு அம்மாவிடம், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கொண்டு, "உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் முடியவில்லை" என்று சொல்லி அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, போய்விட்டார். அடுத்த நாள் காலையில் பெரட்டு முடிந்ததும் தோட்டத் தலைவர் வந்தார். கோபப்படவும் இல்லை, சட்டம் பேசவும் இல்லை. சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜனவரி ஒன்னுல தொடங்குற வருஷம் என்னைக்கு முடியுது ஐயா? டிசம்பர் 31லயா, மறு ஜனவரி ஒன்னுலயா?"

அவ்வளவுதான். மார்ச் 1இல் தொடங்குகிற வருடம் பெப்ரவரி கடைசி நாள் வேலை முடியும்போது முடிந்துவிடுகிறது. மார்ச் 1 வரை காத்திருக்கத் தேவையில்லை. கோப்பைத் திரும்பத் திறந்து, தாமதத்துக்கான மேலதிகத்தோடு காசு போனது. அந்த அம்மா ஜன்னலில் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால்தான் யாராவது இதே பிழையைக் கொண்டு வரும்போது எனக்குச் சுள்ளென்று வருகிறது.

DATEDIFஇல் பிழை இல்லை. அது முதல் திகதியிலிருந்து இரண்டாம் திகதிக்குப் போய்ச் சேருகிற தூரத்தைத்தான் அளக்கிறது. இரண்டாம் நாள் அதில் சேராது. நாம் எண்ணுவதோ வேலை செய்த நாட்கள். தொடங்கிய நாளும் கடைசி நாளும் இரண்டுமே அதில் உண்டு. எனவே கடைசி வேலை நாளோடு ஒன்றைக் கூட்ட வேண்டும்.

```
=DATEDIF(B2, C2+1, "Y")
```

இப்போது விடை 5. நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வைத்தால் 14 × 5 × 1000, மொத்தம் 70,000 ரூபாய். அந்த ஒன்றின் விலை இதுதான்.

சரி, எல்லா ஷீட்டிலும் ஒன்றைக் கூட்டிவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் இரண்டாவது குழி. C நிரலின் தலைப்பில் வெறுமனே "விலகிய திகதி" என்று எழுதியிருக்கும். ஒரு கிளாக்கர் அதில் கடைசியாக வேலை செய்த நாளைப் போடுவார். இன்னொருவர், "01.03.2024 முதல் விலகுகிறார்" என்று துரை கையெழுத்திட்ட கடிதத்தைப் பார்த்து, மார்ச் 1ஐப் போடுவார். முதலாவதுக்கு ஒன்று கூட்ட வேண்டும், இரண்டாவதுக்குக் கூட்டக் கூடாது. ஒரே நிரலில் இரண்டும் கலந்து கிடந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. தலைப்பை "கடைசி வேலை நாள்" என்று மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் அந்த மாதச் செக்ரோலைத் திறந்து, அந்த நாளில் பெயர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரிபார்க்க நான் செய்வது இது. ஒன்று கூட்டிய சூத்திரத்தை D2இல் போட்டு, அதில் வந்த வருடங்களை வைத்துத் திரும்பப் பின்பக்கமாகக் கணக்குப் பார்ப்பேன். EDATE என்பது ஒரு திகதியோடு மாதங்களைக் கூட்டுவது.

```
=AND(EDATE(B2,12*D2)-1<=C2, EDATE(B2,12*(D2+1))-1>C2)
```

முதல் பாதி, அத்தனை வருடம் முடிகிற நாள் வந்துவிட்டதா என்று கேட்கிறது. இரண்டாம் பாதி, அடுத்த வருடம் இன்னும் முடியவில்லையா என்று கேட்கிறது. TRUE வந்தால் நகரலாம், FALSE வந்தால் கலண்டரை எடுக்க வேண்டும். பெப்ரவரி 29இல் சேர்ந்த ஆளுக்கு மட்டும் இது ஒரு நாள் இழுபறி காட்டும், அவரைக் கையால் பாருங்கள்.

புது ஷீட் கைக்கு வந்தால் முதலில் மூன்று வரி போட்டுப் பார்ப்பேன். சேர்ந்த நாள் மூன்றுக்கும் 2019 மார்ச் 1. கடைசி நாள் 2024 பெப்ரவரி 28, 29, மார்ச் 1. விடை 4, 5, 5 என்று வர வேண்டும். 4, 4, 5 என்று வந்தால் ஒன்று விடுபட்டிருக்கிறது. 5, 5, 5 என்று வந்தால் யாரோ 365ஆல் வகுத்திருக்கிறார்கள்.

365ஆல் வகுப்பது

இது ஆளுக்குச் சாதகமாகப் பிழையாகிறது, அதனால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. 1994 ஜூன் 15இல் சேர்ந்து 2024 ஜூன் 8இல் விலகியவருக்கு நாட்களைக் கழித்து 365ஆல் வகுத்தால் 30க்கு மேல் வரும். ஆனால் முப்பதாவது வருடம் முடிவது ஜூன் 14இல். நடுவில் வந்த எட்டு லீப் நாட்கள்தான் அந்த ஒரு வாரத்தைத் தள்ளிவிட்டன. 365.25ஆல் வகுத்தால் சரியாகும் என்று சொல்பவர்கள், நம்ம பெண்ணின் திகதிகளை அப்படியே கழித்து வகுத்துப் பார்க்கட்டும். 4.9993 வரும்.

முன்னறிவித்தல் எந்த நாளிலிருந்து

நம்ம பெண் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தார் என்று வைப்போம். கடிதத்தில் எழுதிய திகதி ஜனவரி 28. அது ஞாயிற்றுக்கிழமை, மகன் வீட்டில் இருந்து எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆபீசில் கொடுத்து முத்திரை குத்தியது ஜனவரி 31. எண்ண வேண்டியது கையில் கிடைத்த நாளிலிருந்து, அந்த நாளைச் சேர்க்காமல். அப்படியென்றால் பெப்ரவரி முழுவதும் முன்னறிவித்தல் காலம், முடிவது 29.

கிளாக்கர் கடிதத்தின் தலைப்பில் உள்ள திகதியைப் பார்த்து `EDATE` போட்டால் பெப்ரவரி 28 வரும். அதையே கடைசி வேலை நாள் நிரலில் போட்டுவிட்டால், மேலே பாடுபட்டுக் கூட்டிய ஒன்று இருந்தும் விடை மீண்டும் 4. முன்னறிவித்தலில் பிறந்த பிழை சர்வீஸ் காசைத் தின்றுவிடும். 29ஆம் திகதி அவர் மலையில் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தார் என்று செக்ரோல் சொல்லும், ஆனால் அதை யாராவது திறக்க வேண்டும்.

முன்னறிவித்தலுக்கு 30ஐக் கூட்டுவதும் வேண்டாம். ஜனவரி 31உடன் 30 கூட்டினால் மார்ச் 1 வரும். மாதம் என்று சொன்னால் கலண்டர் மாதம்.

கொடுக்க வேண்டிய கடைசி நாள்

இங்கே தலைகீழ். பணிக்கொடையைச் சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது நாள், மாதம் இல்லை. எனவே `EDATE` போடாமல் `C2+30` போட வேண்டும். பெப்ரவரி 29க்குப் பிறகு முப்பதாவது நாள் மார்ச் 30, சனிக்கிழமை. முந்தின நாள் பெரிய வெள்ளி, வங்கி இல்லை. ஆக, உண்மையில் காசு நகர வேண்டிய நாள் 28 வியாழன். ஷீட் 30 என்று காட்டும், வாரநாளைக் காட்டாது. பக்கத்தில் ஒரு நிரலில் `=TEXT(C2+30,"dddd")` போட்டுக்கொள்ளுங்கள். பிந்தினால் மேலதிகம் 10 சதவீதத்தில் தொடங்குகிறது. நம்ம கணக்கில் அது 7,000 ரூபாய், ஆபீசின் பிழைக்குத் தோட்டம் கட்டுவது.

மாதாமாதம் வரும் நாட்களைச் சங்கிலியாகக் கோர்ப்பது

ஜனவரி 31இலிருந்து `EDATE` போட்டால் பெப்ரவரி 29. அந்த 29இலிருந்து மீண்டும் போட்டால் மார்ச் 29. 31 திரும்பி வராது. எப்போதும் முதல் திகதியிலிருந்தே 1, 2, 3 என்று கூட்டுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த நாள் எடுப்பது

பழைய அட்டையில் வருடத்துக்குப் பின்னால் வருகிற மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். 78க்குப் பிறகு 565 என்றால் 65ஆவது நாள். ஆனால் அந்த எண்ணிக்கையில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். `DATE(1978,1,65)` என்று போட்டால் மார்ச் 6 காட்டும். உண்மையான பிறந்த நாள் மார்ச் 5. லீப் வருடமான 2000ஐப் போட்டு மாதத்தையும் நாளையும் எடுங்கள், பிறகு உண்மையான வருடத்தைச் சேருங்கள். சேமலாப நிதிக்குப் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என்று வயது பார்க்கும்போது இந்த ஒரு நாள் படிவத்தைத் திருப்பி அனுப்ப வைக்கும்.

DATEDIFஇல் "MD"

தொடாதீர்கள். கழித்தல் எண்கூட வரும்.

கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் திகதி

அது திகதி இல்லை, எழுத்து.

அந்தத் தம்பியின் ஷீட்டில் 43 பேர் இருந்தார்கள். ஒன்றைக் கூட்டிவிட்டுப் பார்த்ததில் இரண்டு பேருக்கு வருடம் மாறியது. ஒருவருக்கு 11 என்பது 12 ஆனது. மற்றவருக்கு 4 என்பது 5. அவருடைய கோப்பை அன்றைக்கே வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.