ரூம் ஹீட்டரில் குளிர்காற்று மட்டும் வருகிறதா? பழுது பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர்ப் பகுதியில் குளிர் தொடங்கியதும் பழுதுக்கு வரும் ரூம் ஹீட்டர்களில் பலவற்றுக்கு ஒரே புகார்தான்: ஃபேன் சுற்றுகிறது, காற்று வருகிறது, சூடு மட்டும் இல்லை. வேலை கற்றுக்கொள்ள வரும் இளைஞர்கள் இந்தப் புகாரில் ஆண்டுதோறும் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். செலக்டர் குமிழ் ஃபேன் நிலையிலேயே இருந்ததையோ, தெர்மோஸ்டாட் குறைத்து வைக்கப்பட்டிருந்ததையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை எவரும் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஃபேன் சுற்றுகிறது என்றால் பிளக், ஒயர் இரண்டிலும் மின்சாரம் வருகிறது என்று பொருள். அறுபட்டிருப்பது எலிமென்ட்டுக்குப் போகும் பாதை மட்டுமே. செலக்டர் சுவிட்சின் ஒரு முனை, தெர்மோஸ்டாட், தெர்மல் கட்-அவுட், தெர்மல் ஃபியூஸ், காயில் ஆகியவை அந்தப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

பிளக்கைக் கழற்றாமல் திறப்பது

செலக்டரை ஆஃப் செய்தால் ஒரு ஒயர்தான் துண்டிக்கப்படும். சாக்கெட்டில் ஒயர்கள் மாறியிருந்தால் காயில் முழுவதிலும் மின்சாரம் இருக்கும்.

மல்டிமீட்டரின் பீப் ஒலியை மட்டும் நம்புவது

230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் ஹீட்டரில் பெரும்பாலும் 1000 வாட் காயில்கள் இரண்டு இருக்கும். ஒரு காயிலின் தடை ஏறத்தாழ 53 ஓம். பல மல்டிமீட்டர்கள் ஏறத்தாழ 50 ஓமுக்குக் கீழே இருந்தால்தான் பீப் கொடுக்கும். ஆகவே முழு ஆரோக்கியமான காயிலைத் தொட்டும் மீட்டர் வாய் திறக்காமல் இருக்கக்கூடும். ஒலி வரவில்லை என்பதற்காக நல்ல எலிமென்ட்டைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதற்குக் கடை கடையாக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 200 ஓம் அளவில் வைத்து எண்ணைப் படியுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. பிளக்கின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்துவிட்டு, ஏதோ ஓர் எண் வருவதைக் கண்டு காயில் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடுகிறார்கள். சில நூறு ஓம் காட்டினால் அது ஃபேன் மோட்டாரின் சுற்றுக்கம்பியாகத்தான் இருக்கும். காயிலின் ஒரு முனையில் உள்ள லக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் மட்டுமே அது காயிலின் தடை.

கட்-அவுட்டை டைரக்ட் செய்வது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். காயில் நன்றாக இருக்கிறது, தெர்மல் ஃபியூஸ் அறுந்திருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்த பிறகு, ஒரு புது ஃபியூஸ் வாங்கக் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, இரு முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். ஹீட்டர் உடனே சூடாகிறது. வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு எடுத்துச் செல்கிறார்.

ஒரு தங்கும் விடுதியிலிருந்து வந்த ஹீட்டர் அப்படித்தான் பழுது பார்க்கப்பட்டிருந்தது. முதலில் சில நிமிடம் சூடும் பிறகு குளிர்காற்றுமாக மாறிமாறி வந்து, கடைசியில் சூடு முற்றிலும் நின்றுபோனது என்பதே அவர்கள் முதலில் சொன்ன புகார். அந்த விவரத்திலேயே காரணம் இருந்தது. சூடு மிகும்போது கட்-அவுட்டினுள் உள்ள இரட்டை உலோகத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. ஆறியதும் மீண்டும் சேர்கிறது. மாறிமாறி நின்றது இதனால்தான். அதையும் மீறி வெப்பம் ஏறினால், அதைவிட உயர்ந்த வெப்பநிலைக்கு வைக்கப்பட்ட தெர்மல் ஃபியூஸ் ஒரே தடவையாக அறுந்துவிடும். அது மீண்டும் சேராது. எதனால் அவ்வளவு சூடு ஏறியது என்று கேட்காமல் கம்பி போட்டதன் விளைவாக, முன்பக்கப் பிளாஸ்டிக் கிரில் பழுப்பேறி வளைந்து, அறையில் தங்கியிருந்தவர் நாற்றம் தாங்காமல் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

திறந்து பார்த்தபோது பின்புற வலையில் கம்பளிப் போர்வையின் பஞ்சும் தலைமுடியும் அடை போலப் படிந்திருந்தன. ஃபேன் இறக்கையை விரலால் சுண்டினேன். அரைச் சுற்றுக்கூட ஓடாமல் நின்றது. புஷ் வறண்டு மோட்டார் மந்தமாகச் சுற்றியதால் காயிலின் மேல் போதிய காற்று போகவில்லை. பஞ்சைப் பிரஷ்ஷால் அகற்றி, புஷ்ஷில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டதும் இறக்கை ஒரு சுண்டலுக்குப் பல சுற்று ஓடியது. தேங்காயெண்ணெய் வேண்டாம்; அது கொஞ்ச நாளில் பிசினாகிப் பழையபடியே இறுகிவிடும்.

தெர்மல் ஃபியூஸ் அறுந்திருந்தால் அதற்கு முன்னிருக்கும் கட்-அவுட்டையும் சந்தேகிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலில் திறந்திருக்க வேண்டிய அது திறக்காததால்கூட ஃபியூஸ் அறுந்திருக்கலாம். கட்-அவுட்டைத் தனியே எடுத்து, மீட்டரில் இணைத்தபடியே சால்டரிங் அயர்னை அதன் தகட்டருகே கொண்டுபோய்ச் சூடேற்றுங்கள். ‘டிக்’ என்ற ஒலியோடு இணைப்பு விட்டு, ஆறியதும் சேர்ந்தால் அது நல்லது. எவ்வளவு சூடேற்றியும் விடவில்லையென்றால் உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மாற்றியே ஆக வேண்டும்.

புது ஃபியூஸின் மேல் எழுதியுள்ள வெப்பநிலையும் ஆம்பியரும் பழையதில் உள்ளவையாகவே இருக்க வேண்டும். 2000 வாட்டுக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் ஓடும் என்பதால், குறைந்த ஆம்பியர் ஃபியூஸ் காரணமில்லாமலே போகும். அதைச் சால்டர் செய்யாதீர்கள். ஈயத்தை உருக்கும் சூடே ஃபியூஸை அறுத்துவிடும். கிரிம்ப் லக்கால் இணைத்து, பழையது இருந்த இடத்திலேயே பொருத்துங்கள். இவ்வகை ஃபியூஸின் உலோக உடல் பெரும்பாலும் ஒரு முனையோடு இணைந்தே இருப்பதால், அதன் மேல் கண்ணாடி இழை ஸ்லீவ் கட்டாயம். பிளாஸ்டிக் டேப் அந்தச் சூட்டில் உருகிவிடும். பிறகு மூடியை மாட்டி, முழு வாட்டில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். அதற்குள் சூடு விட்டுவிட்டு வந்தால் காற்றோட்டக் கோளாறு இன்னும் தீரவில்லை.

அறுந்த காயிலை முறுக்கி ஒட்டுவது

வேண்டாம். முறுக்கிய இடம் மட்டும் கூடுதலாகப் பழுத்து மறுபடியும் அறும்; அறுந்த முனை வெளிக்கூட்டைத் தொடவும் கூடும்.

ஃபேன் லிமிட் சுவிட்சைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது

சுவரில் பொருத்தும் பெரிய ஹீட்டர்கள் சிலவற்றில் இது இருக்கும். இதற்கு இரண்டு வேலைகள். காயில் போதுமான அளவு சூடானதும் ஃபேனைத் தொடங்குவதும், தெர்மோஸ்டாட் காயிலை நிறுத்திய பின் மிச்சச் சூடு வெளியேறும்வரை ஃபேனை ஓட்டுவதும் ஒரு பகுதியின் வேலை. சூடு எல்லை மீறினால் காயிலை நிறுத்துவது மறு பகுதியின் வேலை. ஆறிய நிலையில் ஃபேன் பகுதி திறந்திருக்க வேண்டும். லிமிட் பகுதி மூடியிருக்க வேண்டும். இதை மாற்றி நினைத்துக்கொண்டு, திறந்திருக்கும் ஃபேன் பகுதியைப் பழுது என்று முடிவுகட்டி நல்ல சுவிட்சைக் கழற்றிப் போடுகிறார்கள்.

ஃபேன் பகுதியின் முனைகள் ஒட்டிக்கொண்டால், அறை போதுமான அளவு சூடாகிக் காயில் நின்ற பிறகும் ஃபேன் ஓயாது. விடியற்காலையில் கையை நீட்டிப் பார்ப்பவருக்குக் குளிர்காற்று படும். எலிமென்ட் போய்விட்டது என்று கொண்டுவருவார். பிளக்கைக் கழற்றி நன்றாக ஆற விட்டு, சுவிட்சின் ஒயர்களைப் படமெடுத்துக்கொண்டு கழற்றிய பின் அளந்து பாருங்கள். ஃபேன் முனைகளில் பூஜ்யம் ஓம் வந்தால் சுவிட்ச்தான் போயிருக்கிறது, காயில் அல்ல. லிமிட் முனைகள் ஆறிய பிறகும் திறந்தே இருந்தால் காயிலுக்கு மின்சாரமே போகாது. ஆனால் சிலவற்றில் கையால் அழுத்தும் ரீசெட் பொத்தான் இருக்கும். முதலில் அதை அழுத்திப் பாருங்கள். புதிய சுவிட்சைப் பொருத்தும்போது அதன் தகடு உலோகத்தின் மேல் இடைவெளியின்றி அழுந்தியிருக்கட்டும். தளர்வாக நின்றால் சூட்டைத் தாமதமாக உணர்ந்து, லிமிட் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது.