வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பிய காசுக்கு வரி உண்டா? படிப்படியாகப் பார்ப்போம்

ஆரையம்பதியில் இருக்கும் தங்கச்சிக்கு கனடாவிலிருந்து அண்ணா 25 இலட்சம் ரூபாய் அனுப்பினார். அவள் அதை அப்படியே நிலையான வைப்பில் போட்டாள். அதற்கான வரி வேலைகளை நான்தான் செய்து கொடுத்தேன்.

படி 1: எதற்காக வந்த காசு?
ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றால் வரி, சொந்தக்காரர் தந்தால் விலக்கு என்று யூடியூப்பில் சொல்வது இந்தியச் சட்டம். இலங்கையில் நம்முடைய 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அன்பளிப்பை அப்படிப் பார்ப்பதில்லை. வேலை, வியாபாரம், முதலீடு தொடர்பாகக் கிடைத்த அன்பளிப்பைத்தான் அது வருமானத்தில் சேர்க்கிறது. அண்ணா பாசத்தில் அனுப்பிய 25 இலட்சம் வருமானம் இல்லை. அவருடைய கடையைப் பார்த்துக்கொள்வதற்கு மாதாமாதம் தருகிறார் என்றால், கூடப்பிறந்தவர் தந்தாலும் அது வருமானம்தான்.

படி 2: வந்த வழியைக் காட்டுங்கள்
உண்டியலில் அனுப்பச் சொல்லாதீர்கள். கணக்கிலிருந்து கணக்குக்கு, வங்கி வழியாக வரட்டும். வரி விவரத்திரட்டில் சொத்துகளைக் காட்டும்போது 25 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் கையில் இருக்க வேண்டும். பணம் வந்த ரசீதையும், "இது அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை" என்று அண்ணா கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

படி 3: வட்டி
எங்களுக்கு இழுபட்டது இங்கேதான். அன்பளிப்புக்கு வரி இல்லை என்றாலும், அது ஈட்டும் வட்டி தங்கச்சியின் வருமானம். 8 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 2 இலட்சம். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். ஆக, 20,000 ரூபாய் வங்கியிலேயே போய்விடும்.

இப்போது அவளுடைய கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளம் 1,30,000, வருடத்துக்கு 15,60,000. வட்டியையும் கூட்டினால் 17,60,000. வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை என்பதால் அவள் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் வங்கிக்கு அது தானாகத் தெரியாது. வரி செலுத்துநருக்கான டின் இலக்கம் எடுத்து, வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று சொல்லும் சுய பிரகடனப் படிவத்தை நிரப்பி வங்கியில் கொடுத்த பிறகுதான் பிடிப்பது நின்றது. சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள், மற்ற வங்கிகளில் வரும் வட்டியையும் கூட்டுங்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால், பிடித்ததற்கான சான்றிதழை வங்கியில் வாங்கி, நவம்பர் 30க்குள் விவரத்திரட்டு கொடுத்து மீளக் கேட்கலாம்.

பிற்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவின் வீட்டு வாடகை என் கணக்கில்தான் விழுகிறது, அது என் வருமானமா? இல்லை. வீடு அவருடையது என்றால் வாடகையும் அவருடைய வருமானம்தான், அவருடைய பெயரில்தான் அதைக் காட்ட வேண்டும். வாடகை வாங்கிக் கொடுப்பதற்கு நீங்கள் ஒரு தொகை எடுத்துக்கொண்டால், அந்தத் தொகை மட்டும் உங்கள் வருமானம். வாடகைக்குத் தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அண்ணா தரும் அன்பளிப்பும் வாடகையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.